நேர்மை: கேயாசி சொன்ன இரண்டு பொய்கள் (ஞாயிறு பள்ளிப் பாடத்திட்டம்)

வகுப்பு: இடைநிலைப் பிரிவு, 9 முதல் 12 வயது வரை
நேரம்: 60 நிமிடங்கள்
வேதபகுதி: 2 இராஜாக்கள் 5:15-27
துணை வாசிப்பு: ஆதியாகமம் 3:8-13, 1 யோவான் 1:8-9
தேவையானவை: ஒரே நிறத்தில் 20 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள காகிதப் பட்டைகள் நாற்பது, பிள்ளைக்கு ஒன்றும் குழுவுக்கு ஒன்றுமாக வெள்ளைப் பட்டைகள், பசை, கத்தரிக்கோல், ஸ்கெட்ச் பேனாக்கள்

ஆசிரியருக்கு

பொய் சொல்லக்கூடாது என்பது இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். பத்துக் கட்டளைகளை ஒப்புவிக்கிற ஒரு பிள்ளைக்கு அதையே இன்னும் ஒருமுறை உரத்துச் சொல்வதால் பெரிய பயன் இல்லை. சொல்லிவிட்ட ஒரு பொய்யிலிருந்து எப்படித் திரும்பி வருவது என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் பொய் பெரும்பாலும் பயத்தினாலோ ஆசையினாலோ யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிடுகிறது, இரண்டாவது பொய்யோ, "என்ன நடந்தது?" என்று ஒருவர் கேட்கும்போது, யோசித்துப் பார்த்துச் சொல்லப்படுகிறது. அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் தங்களைப் பிடிப்பதற்கான பொறியாக எண்ணாமல், உண்மைக்குத் திரும்புவதற்குத் தேவன் திறந்து வைக்கிற வாசலாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே இன்றைய பாடத்தின் ஒரே நோக்கம்.

வகுப்பில் எந்தப் பிள்ளையையும் எழுப்பி, "நீ இந்த வாரம் பொய் சொன்னாயா?" என்று கேட்க வேண்டாம். எல்லார் முன்பாகவும் அப்படிக் கேட்கப்படுகிற பிள்ளைக்கு, அந்த இடத்திலேயே ஒரு பொய்யைச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியாது.

துவக்கம் (7 நிமிடங்கள்)

வகுப்புக்குத் தெரிந்த ஒரு துதிப்பாடலுடனும் சுருக்கமான ஜெபத்துடனும் தொடங்கவும். பின்னர் இந்தக் கேள்வியைக் கேட்டு, கைகளை உயர்த்துபவர்களின் பதில்களை மட்டும் பெற்றுக்கொள்ளவும்: "ஒருவர் உங்களிடம் பொய் சொன்னார் என்று தெரியவந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது?" தங்களுடைய பொய்களைப் பற்றிப் பேசத் தயங்குகிற பிள்ளைகளும், தாங்கள் ஏமாந்த கதையைத் தயங்காமல் சொல்வார்கள். அவர்கள் பயன்படுத்துகிற சொற்களைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளவும்; அவை மனன வசனத்தின்போது தேவைப்படும்.

வேதபாடம் (20 நிமிடங்கள்)

முதலில் வேதபகுதியைப் பிள்ளைகளே ஆளுக்கு இரண்டு வசனங்களாக வாசிக்கட்டும். வாசித்து முடித்தபின் கதையைக் கீழ்க்காணும் வகையில் விரித்துச் சொல்லவும்.

சீரியாவின் படைத்தலைவனாகிய நாகமான், யோர்தானில் ஏழுதரம் முழுகிக் குஷ்டரோகம் நீங்கிச் சுத்தமானபின், தேவனுடைய மனுஷனாகிய எலிசாவிடம் திரும்பி வந்து, காணிக்கையை வாங்கிக்கொள்ளும்படி வேண்டினான். அவன் தன்னோடு கொண்டுவந்திருந்தது பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று வஸ்திரங்கள். எலிசாவோ, கர்த்தருடைய ஜீவனைக்கொண்டு ஆணையிட்டு, எதையும் வாங்க மறுத்துவிட்டார். தேவன் குணமாக்குவதற்கு விலை கிடையாது என்பதை அந்த அந்நியன் அறிந்துகொண்டு ஊர் திரும்பினான்.

எலிசாவின் வேலைக்காரனாகிய கேயாசியால் அதைத் தாங்க முடியவில்லை. தன் எஜமான் வாங்காமல் விட்டதைத் தான் ஓடிப்போய் வாங்குவேன் என்று அவனும் ஆணையிட்டான். அதுவும் எலிசா பயன்படுத்திய அதே வார்த்தைகளில், கர்த்தருடைய ஜீவனைக்கொண்டே ஆணையிட்டான். 16ஆம் வசனத்தையும் 20ஆம் வசனத்தையும் அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லி, இந்த ஒற்றுமையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடவும். பக்தியான வார்த்தைகளைப் பேசுவதனாலேயே ஒருவன் நேர்மையுள்ளவனாகிவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

தன் பின்னே ஒருவன் ஓடிவருவதைக் கண்ட நாகமான் இரதத்திலிருந்து குதித்து, "சுகசெய்தியா?" என்று அக்கறையோடு விசாரித்தான். எப்பிராயீம் மலைத்தேசத்திலிருந்து இரண்டு வாலிபர்கள் வந்திருப்பதாகவும், அவர்களுக்காக ஒரு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் வேண்டும் என்று தன் எஜமான் சொல்லி அனுப்பியதாகவும் கேயாசி சொன்னான். இது முதல் பொய். இதில் ஏழைகளுக்கு உதவுவது போன்ற ஒரு நல்ல காரணம் இருந்தது. எலிசாவின் நல்ல பெயரும் இருந்தது. உண்மை மட்டும் இல்லை. நாகமானோ சந்தேகப்படாமல், ஒன்றுக்கு இரண்டு தாலந்தாக வாங்கிக்கொள்ளும்படி வற்புறுத்தினான்.

இங்கே சற்று நிறுத்தி, அந்த வெள்ளியை நாகமானின் வேலைக்காரர் இரண்டுபேர் ஏன் சுமந்துகொண்டு வர வேண்டியிருந்தது என்று கேட்கவும். ஒரு தாலந்து என்பது முப்பது கிலோவுக்கும் அதிகமான எடை. இரண்டு பைகளில் கட்டியிருந்த அந்த வெள்ளியைக் கேயாசி தனியாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்க முடியாது. ஆகவே, யாருக்கும் தெரியாமல் செய்ய நினைத்த காரியத்துக்கு, புறப்பட்ட கொஞ்ச நேரத்துக்குள்ளாகவே இரண்டு சாட்சிகள் உண்டாகிவிட்டார்கள். மேட்டண்டைக்கு வந்ததும் அவர்களிடமிருந்து சுமையை வாங்கி வீட்டுக்குள் வைத்து, அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒன்றும் நடவாதவனைப் போல் தன் எஜமானுக்கு முன்பாக வந்து நின்றான்.

அப்பொழுது எலிசா கேட்டார்: "கேயாசியே, எங்கேயிருந்து வந்தாய்?"

இந்தக் கேள்விக்குப்பின் வகுப்பில் சிறிது நேரம் அமைதி இருக்கட்டும். நடந்தது எலிசாவுக்குத் தெரியும் என்று 26ஆம் வசனம் காட்டுகிறது. தெரிந்திருந்தும் அவர் கேட்டார். ஏதேன் தோட்டத்தில் மறைந்திருந்த ஆதாமை நோக்கி, "நீ எங்கே இருக்கிறாய்" என்று கேட்ட தேவனுக்கும் அவன் இருந்த இடம் தெரியாமல் இல்லை. பதில் தெரிந்தவர் கேள்வி கேட்பாரானால், அது பதில் சொல்லுகிறவனுக்காகக் கேட்கப்படுகிற கேள்வி. "ஐயா, நான் நாகமானிடம் போனேன், பொய் சொல்லி வாங்கினேன், அது வீட்டுக்குள் இருக்கிறது" என்று சொல்லக் கேயாசிக்கு அந்த நேரத்தில் இடம் இருந்தது. அவனோ, "உமது அடியான் எங்கும் போகவில்லை" என்றான். இது இரண்டாவது பொய்.

கேயாசியைக் குஷ்டரோகம் பிடித்ததாக அதிகாரம் முடிகிறது. இதை மறைக்காமல் வாசிக்கலாம், ஆனால் இதைக்கொண்டு பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். நோயுள்ளவர்கள் எல்லாரும் பாவத்தின் தண்டனையை அனுபவிக்கிறார்கள் என்று வேதம் போதிக்கவில்லை. பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் அவ்வாறு கேட்டபோது இயேசுவே அதை மறுத்தார் (யோவான் 9:2-3). தோல் நோய் உள்ள ஒரு பிள்ளையோ, நோயுற்ற பெற்றோருடைய பிள்ளையோ உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதை மனதில் வைத்துப் பேசவும்.

மனன வசனம் (8 நிமிடங்கள்)

"அன்றியும், நாம் ஒருவருக்கொருவர் அவயவங்களாயிருக்கிறபடியால், பொய்யைக் களைந்து, அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன்." எபேசியர் 4:25

அவயவங்கள் என்றால் உடலின் உறுப்புகள், மெய் என்றால் உண்மை என்று மட்டும் சொல்லிவிட்டு, பவுல் இங்கே தருகிற காரணத்துக்கு வரவும். வழியில் பள்ளம் இருப்பதைக் கண்ட கண், "ஒன்றுமில்லை" என்று காலுக்குச் சொன்னால் விழுவது கால் மட்டுமல்ல, கண்ணும் சேர்ந்துதான் விழும். துவக்கத்தில் கரும்பலகையில் எழுதிய சொற்களை இப்போது சுட்டிக்காட்டி, நாம் பொய் சொல்லும்போது பிறருக்கு உண்டாவதும் இதுவே என்று சொல்லவும். பின்பு வசனத்தை எழுதி, ஒவ்வொரு முறை ஒப்புவிக்கும்போதும் ஒரு சொல்லை அழித்துக்கொண்டே போய், பலகை வெறுமையாகும் வரை சேர்ந்து சொல்லவும். இருப்பிடத்தையும் சேர்த்து மனனம் செய்வது அவசியம்.

செயல்பாடு: பொய்ச் சங்கிலி (17 நிமிடங்கள்)

வகுப்பை நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சூழ்நிலையைத் தரவும். தம்பியின் புதிய பேனாவை இரவல் கேட்காமல் எடுத்துச் சென்று தொலைத்துவிட்ட அக்கா, "நான் பார்க்கவே இல்லை" என்கிறாள். வீட்டுப்பாடத்தைத் தோழனிடமிருந்து பார்த்து எழுதியவன், "நானே செய்தேன்" என்கிறான். காணிக்கைக்கென்று வீட்டில் கொடுத்த பணத்தில் பாதியைப் பையில் வைத்துக்கொண்டவன், "எல்லாவற்றையும் போட்டுவிட்டேன்" என்கிறான்.

அந்த முதல் பொய்யை ஒரு வண்ணப் பட்டையில் எழுதி வளையமாக ஒட்ட வேண்டும். அதைக் காப்பாற்ற அடுத்து என்ன சொல்ல வேண்டியிருக்கும், யாரை உடந்தையாக்க வேண்டியிருக்கும் என்று குழு பேசி, ஒவ்வொரு பதிலையும் ஒரு பட்டையில் எழுதி வளையத்தோடு வளையமாகக் கோத்துக்கொண்டே போகட்டும். சிரிப்பும் சத்தமும் எழத்தான் செய்யும், தடுக்க வேண்டியதில்லை. ஆறேழு வளையங்கள் சேர்ந்ததும் நிறுத்தி, "இந்தக் கதையில் யார், எப்போது கேள்வி கேட்டார்கள்?" என்று கேட்கவும். அந்த இடத்தில் சங்கிலியைக் கத்தரித்து, அப்போது சொல்லியிருக்கக்கூடிய உண்மையை வெள்ளைப் பட்டையில் எழுதச் சொல்லவும். "உன் பேனாவைக் கேட்காமல் எடுத்துத் தொலைத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு" என்பது ஒரே பட்டையில் அடங்கிவிடும். எழுதியதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். தாளில் எளிதாக இருக்கிற அந்த வாக்கியம் நாவில் எவ்வளவு கனக்கிறது என்பது அப்போதுதான் தெரியும், பழக வேண்டியதும் அதுதான்.

"உண்மையைச் சொன்னால் அடி விழுமே?" என்று யாராவது கேட்பார்கள். உண்மை சொன்னால் தண்டனையே கிடைக்காது என்று வாக்குறுதி கொடுக்காதீர்கள். அதுவும் ஒரு பொய்தான். விளைவு இருக்கலாம், ஆனால் 1 யோவான் 1:9 சொல்லுகிறபடி, அறிக்கையிடுகிறவனைத் தேவன் மன்னிக்கிறார் என்பது உறுதி என்று சொல்லுங்கள். வீட்டில் தனியாகச் சொல்லப் பயப்படுகிற பிள்ளை, நம்பிக்கையான ஒரு பெரியவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். இன்னொருவர் தன்னைத் துன்புறுத்தி, "யாரிடமும் சொல்லாதே" என்று மிரட்டினால், அதை மறைப்பது நேர்மையும் அல்ல, கீழ்ப்படிதலும் அல்ல. உடனே சொல்ல வேண்டும் என்பதையும் தெளிவாகக் கூறவும்.

இந்த வாரத்துக்கு (3 நிமிடங்கள்)

ஒவ்வொருவரும் ஒரு வெள்ளைப் பட்டையை வீட்டுக்கு எடுத்துச் சென்று, யாரிடமாவது சொல்லாமல் வைத்திருக்கிற உண்மை ஒன்று இருந்தால் அதை எழுதி, உரியவரிடம் சொல்லிவிட்டுப் பட்டையைக் கிழித்துப்போடலாம். அடுத்த வாரம் அதைப் பற்றி விசாரிக்க மாட்டோம் என்று இப்போதே அறிவித்துவிடவும்.

நிறைவு ஜெபம் (5 நிமிடங்கள்)

பிள்ளைகள் கண்களை மூடியிருக்க, ஆசிரியர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்ல, அவர்கள் தொடர்ந்து சொல்லட்டும். "ஒப்புக்கொடுக்கிறோம்" என்ற வாக்கியத்துக்குப்பின் அரை நிமிடம் மௌனமாயிருக்கவும்.

எங்கள் பரலோகப் பிதாவே, எங்கள் இருதயத்தில் இருப்பதையெல்லாம் அறிந்திருந்தும் எங்களை நேசிக்கிறீர், உமக்கு ஸ்தோத்திரம். பயத்தினால் நாங்கள் சொன்ன பொய்களையும், ஆசையினால் நாங்கள் மறைத்த காரியங்களையும் உமது சமுகத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்.

இயேசுவினிமித்தம் எங்களுக்கு மன்னித்தருளும். எங்களிடம் கேள்வி கேட்கப்படும்போது, ஓடி ஒளியாமல் உண்மையைச் சொல்ல எங்களுக்குத் தைரியம் தாரும். நாங்கள் ஏமாற்றியவர்களிடம் போய் மன்னிப்புக் கேட்க எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். எங்களிடம் உண்மையைச் சொல்ல வருகிறவர்களை நாங்கள் ஏளனம் செய்யாமல் மன்னிக்கக் கிருபை செய்யும். எங்கள் வீடுகளிலும் பள்ளிக்கூடத்திலும் ஒருவரோடொருவர் மெய்யைப் பேச எங்கள் நாவைக் காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே, ஆமென்.