யூரோடைனமிக் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கு
(சிறுநீரகவியல் புறநோயாளிகள் பிரிவு, சேலம்)

இரண்டு பேர் "சிறுநீர் நூல் மாதிரி வருது" என்கிறார்கள். ஒருவருக்கு புராஸ்டேட் வீங்கி வழியை அடைத்திருக்கிறது. மற்றவருக்கு அடைப்பே இல்லை. பல வருட சர்க்கரை நோயால் சிறுநீர்ப்பைத் தசை சோர்ந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தால் இருவருக்கும் உள்ளே மிச்சம் நிற்பதுதான் தெரியும். முதலாமவருக்கு ஆபரேஷன் பலன் தரும், இரண்டாமவருக்கு அதே ஆபரேஷன் வீணாகலாம். இந்த வித்தியாசத்தைக் காட்டத்தான், சிறுநீர்ப்பையின் அழுத்தத்தையும் சிறுநீர் போகும் வேகத்தையும் அளக்கும் இந்த யூரோடைனமிக் பரிசோதனைக்கு உங்களை வரச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் புனல் வைத்த கருவியில் சிறுநீர் கழிப்பீர்கள். ஒரு நொடிக்கு எத்தனை மில்லி வருகிறது என்று அது பதியும். வேகம் 15-க்கு மேல் போனால் பெரும்பாலும் பரவாயில்லை, 10-க்குக் கீழே என்றால் காரணம் தேட வேண்டும். 150 மில்லியாவது போனால்தான் இந்தக் கணக்கை நம்ப முடியும். அதற்காக ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் அடக்கிக்கொண்டே இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டாம். இங்கே வந்து தண்ணீர் குடித்தால் போதும்.

அப்புறம் சிறுநீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய டியூப், மலக்குடலில் இன்னொன்று. இரண்டாவது எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். இருமினாலும் முக்கினாலும் வயிற்றின் அழுத்தம் சிறுநீர்ப்பை மேலும் ஏறும். அதைக் கழித்தால்தான் சிறுநீர்ப்பைத் தசை தானாகத் தரும் அழுத்தம் கிடைக்கும். டியூப் வழியாக சலைன் மெதுவாக நிரப்பும்போது முதல் உணர்வு எப்போது, அவசரம் எப்போது என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். இருமச் சொல்வோம். கசிந்தால் வெட்கப்படாதீர்கள், அந்தக் கசிவைப் பார்க்கத்தான் இருமச் சொல்கிறோம். கடைசியில் டியூபோடேயே சிறுநீர் கழிக்க வேண்டும்.

அழுத்தம் அதிகம், வேகம் குறைவு என்றால் அடைப்பு: மாத்திரை, தேவைப்பட்டால் ஆபரேஷன். இரண்டும் குறைவு என்றால் தசை பலவீனம்; பலருக்கு நேரம் வைத்து தாங்களே டியூப் போட்டு வடிக்கக் கற்றுக்கொடுப்போம். நிரம்பும்போதே தசை துடித்தால் சிறுநீர்ப்பைப் பயிற்சியும் மாத்திரையும் முதலில், கேட்காவிட்டால் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி. தசை அமைதியாக இருந்து, இருமும்போது மட்டும் கசிந்தால் இடுப்புத்தளப் பயிற்சி. சில பெண்களுக்கு, சிறுநீர் வழியைத் தாங்க நாடா வைக்கும் ஸ்லிங் ஆபரேஷன்.

வருவதற்கு முன் மூன்று நாள் குடித்தது, கழித்தது, கசிந்தது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வாருங்கள். எஸ்டேட் காப்பியையும் விடாமல் எழுதுங்கள், காப்பி அவசரத்தைக் கூட்டும். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் முன்பே சொல்லுங்கள். தொற்று சரியான பிறகுதான் செய்வோம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், நிரப்பும்போது ரத்த அழுத்தம் திடீரென ஏறலாம்.

மயக்க மருந்து கிடையாது. சுமார் ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம். ஓரிரு நாள் லேசான எரிச்சல் இருக்கலாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் வராமல் அடைத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். மலையில் இருப்பவர்கள் முதலில் ஏற்காடு அரசு மருத்துவமனையில் காட்டலாம், இந்தத் தாளையும் கையோடு கொண்டு போங்கள்.