அக்காவுக்கு

அக்கா,

நேற்று உங்களை வழியனுப்ப கேக் வெட்டியபோது எல்லோரும் பேசினார்கள், நான் பேசவில்லை. அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

2023 ஏப்ரல் சம்பளம் ஞாபகம் இருக்கிறதா? வேறு எதுவும் எழுதிக்கொடுக்காவிட்டால் புதிய வருமான வரி முறைதான் என்று ஆன முதல் மாதம். பழைய முறையே வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர்களுக்கும் புதிய முறையில் டிடிஎஸ் பிடித்துவிட்டது நான் எழுதிய கோட். ஒரே கிளையண்ட் கம்பெனியில் 212 பேருக்குத் தப்பான சம்பளம். ராத்திரி மீட்டிங்கில் மேலே இருந்து யார் பண்ணியது என்று கேட்டபோது, "ரிவ்யூ பண்ணி அனுப்பியது நான், என்னிடம் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டீர்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "டெஸ்ட் கேஸில் பழைய முறை ஆள் ஒருத்தர்கூட இல்லையே, முதலில் அதை எழுது" என்றீர்கள், அவ்வளவுதான், ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்குத்தான் உங்கள் மேல் இருந்த பயம் போனது.

ஆனால் போன வருட அப்ரைசல் இன்னும் மனசில் உறுத்துகிறது. எனக்கு பிரமோஷன் இல்லை என்று உங்களுக்கு ஜனவரியிலேயே தெரியும். லெட்டர் வந்த ஏப்ரலில்தான் எனக்குத் தெரிந்தது. நடுவில் மூன்று மாதம், கிடைத்துவிடும் என்று நம்பி சனிக்கிழமையும் வந்து உட்கார்ந்திருந்தேன். மனசு உடைந்துவிடக் கூடாதென்று சொல்லவில்லை என்றீர்கள். நீங்கள் நல்லதுக்குத்தான் மறைத்தீர்கள், அது புரிகிறது, ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும் அக்கா. புது இடத்தில் உங்களுக்குக் கீழே வருகிறவர்களுக்காவது கெட்ட செய்தியை அன்றே சொல்லிவிடுங்கள்.

கிளையண்ட் மீட்டிங்கும் அப்படித்தான். எங்களுக்குத் திட்டு விழக் கூடாதென்று எல்லாவற்றையும் நீங்களே பேசினீர்கள். போன வாரம் முதல்முறையாக நான் நடத்தினேன், நாற்பது நிமிஷம் திணறினேன், நீங்கள் மியூட்டிலேயே இருந்தீர்கள், ஒரு இடத்திலும் குறுக்கே வரவில்லை. அந்த நாற்பது நிமிஷத்தை இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே கொடுத்திருந்தால் இப்போது நாங்கள் ஆறு பேரும் இப்படி முழித்துக்கொண்டு நிற்க மாட்டோம்.

மிக்ஜாம் புயலின்போது ஏழாம் தேதிக்குள் டிடிஎஸ் கட்டியாக வேண்டிய நெருக்கடியிலும், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் "வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா, சாப்பிட்டீர்களா" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டீர்கள். என் அம்மா இன்னும் அதைச் சொல்வார்கள்.

அப்புறம் ஒன்று. தமிழ்நாட்டில் தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, கர்நாடகாவில் மாதாமாதம் என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் நீங்கள் கையால் எழுதிவைத்த அந்தப் பச்சை நோட்டு என் டிராயரில்தான் இருக்கிறது. முழுக்க ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். சாயங்காலம் நீங்கள் ஐடி கார்டு ஒப்படைக்கப் போகும்போது கீழே வந்து தருகிறேன்.