பூண்டு ஊறுகாய்: பேட்ச் உற்பத்திப் பதிவேடு

பேட்ச் எண்: பூ.ஊ/25/014
தயாரித்த நாள்: 12.02.2025, புதன்
தயாரிப்பு இடம்: பெரியகுளம் அருகே உள்ள சிறு ஊறுகாய்க் கூடம்
பாட்டில் அளவு: 300 கிராம், கண்ணாடி
பயன்படுத்த உகந்த கடைசி நாள்: 11.08.2025
பதப்படுத்தி: சேர்க்கவில்லை

தொடங்கும் முன்

முந்தைய நாள் இதே மேடையிலும் அரவையிலும் நிலக்கடலைப் பொடி ஓடியது. அதனால் அரவைத் தொட்டி, சல்லடை, கரண்டிகள் எல்லாம் சுடுநீரில் கழுவி, உலர்த்தி, விளக்கு அடித்துப் பார்க்கப்பட்டன. சல்லடை விளிம்பில் பொடி ஒட்டியிருந்தது. கழற்றி இரண்டாம் முறை கழுவிய பிறகே வேலை தொடங்கியது. தராசு 1 கிலோ, 10 கிலோ எடைக்கற்களில் சரி. பி.எச். மீட்டர் 4.01, 7.00 கரைசல்களில் சரிபார்க்கப்பட்டது. வேலையாட்கள் நால்வர், யாருக்கும் கைக்காயமோ வயிற்றுப்போக்கோ இல்லை.
பார்த்தவர்: ம.செ., காலை 7.50

பொருட்கள்

பூண்டு வடுகபட்டி சந்தையில் வாங்கியது, லாட் பூ-31. முழுப் பூண்டு 50.0 கிலோ. முளைவிட்டது, சொத்தை, பூஞ்சை பட்டது 1.8 கிலோ கழிவு. தோல், தூசு 8.2 கிலோ; உரித்த பூண்டு 40.0 கிலோ. இந்த லாட்டில் முளைவிட்ட பல் வழக்கத்தைவிட அதிகம். அடுத்த முறை மூட்டையைப் பிரித்துப் பார்த்த பிறகே எடை போட வேண்டும்.

புளி (விதை நீக்கியது, லாட் பு-09) 5.0 கிலோ, கொதிநீர் 8.0 கிலோவில் ஊறவைத்துக் கரைத்ததில் சக்கை 1.6 கிலோ போக, கரைசல் 11.4 கிலோ.

நல்லெண்ணெய் – 18.0 கிலோ
கல் உப்பு, பொடித்தது – 6.0 கிலோ
மிளகாய்த்தூள் – 4.5 கிலோ
வினிகர் – 4.0 கிலோ
வெல்லம் – 2.0 கிலோ
கடுகு – 0.8 கிலோ
வெந்தயம், மஞ்சள்தூள் – தலா 0.4 கிலோ
கூட்டுப் பெருங்காயம் – 0.2 கிலோ

பூண்டும் புளிக்கரைசலும் சேர்த்து மொத்தம் 87.7 கிலோ. பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பு உண்டு; லேபிளில் "கோதுமை உள்ளது" என்ற வரி இருப்பதைப் படித்துப் பார்த்தேன். மிளகாய்த்தூள், மஞ்சள்தூளைச் சலித்துக் காந்தம் காட்டியதில் இரும்புத்துகள் எதுவும் இல்லை.
நிறுத்தவர்: க.ரா. மறுபார்வை: ம.செ.

சமையல்

9.40: எண்ணெயில் கடுகு தாளித்துப் பூண்டு போட்டது.
10.15: பூண்டு பொன்னிறம், புளிக்கரைசல், உப்பு, மஞ்சள்.
10.50: மிளகாய்த்தூள், வெல்லம், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம்.
11.20: வினிகர். 95 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம்.

பி.எச். சோதனை (இதில் தேறாமல் நிரப்பக் கூடாது)

எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டுக்குக் காற்று படாது. பூண்டில் இயல்பாகப் புளிப்பும் குறைவு. போட்டுலிசம் உண்டாக்கும் கிருமி வளர அதுவே வசதி, 4.6-க்கு மேல் பி.எச். போனால் ஆபத்து. நம் கூடத்தின் வரம்பு 4.0. குழம்பை மட்டும் தொட்டு அளந்தால் போதாது, பல்லையும் நசுக்கிக் கலந்து, எண்ணெயை வடித்து, 25 டிகிரிக்கு ஆறவிட்டு அளக்க வேண்டும்.

11.45: 4.04. வரம்பு மீறியது. நிரப்புதல் நிறுத்தம்.

சரிசெய்தது: வினிகர் 2.0 கிலோ கூடுதல், மேலும் 10 நிமிடம் கொதி. சிட்ரிக் அமிலம் எளிதாக இருந்திருக்கும். ஆனால் அது லேபிளில் இல்லை, அதனால் தொடவில்லை.
12.25: 3.97. ஏற்கத்தக்கது. இந்த லாட் புளியில் புளிப்பு குறைவு என்று தோன்றுகிறது. மீதமுள்ள மூட்டையில் "சோதித்த பின் பயன்படுத்து" என்ற சீட்டு ஒட்டியாயிற்று.
அளந்தவர்: ம.செ. நிறுத்தி, மறுபடி அனுமதித்தவர்: தர மேற்பார்வை, வ.சு.

நிரப்புதல்

ஊறுகாய் எடை 79.2 கிலோ, ஆவியாகிப் போனது 10.5 கிலோ. 85 டிகிரியில் நிரப்பப்பட்டது. பாட்டில் கொடுத்தது 264: நிரப்பியது 260, விளிம்பு உடைந்தது 1, திருப்பியது 3. உடைந்த பாட்டில் நிரப்பும் முன்பே கண்ணில் பட்டது. துண்டு முழுவதும் கிடைத்தது, மேடை துடைத்த பிறகே தொடர்ந்தது. சராசரி நிகர எடை 302 கிராம், ஆக 78.52 கிலோ. சோதனைக்கு 0.20, பாத்திரத்தில் ஒட்டியது 0.48. கணக்கு நேர்.

மூடி கசிந்தவை 2, தனியே வைத்து அழிக்கப்பட்டன. லேபிள் கொடுத்தது 262: ஒட்டியது 258, கிழிந்தது 1, திருப்பியது 3.
க.ரா., மாலை 3.30

விடுவிப்பு

மாதிரி 4 பாட்டில். இரண்டைத் திறந்தது, இரண்டு இருப்பில். 48 மணி நேரம் கழித்துப் பல்லை மட்டும் நசுக்கி அளந்தது 3.99, முழுக் கலவை 3.96. எண்ணெய் மேலே நிற்கிறது, குமிழி இல்லை, மூடி உப்பவில்லை. முதல் நாள் இருந்த வினிகர் நெடி அடங்கிவிட்டது, சுவை சரி.

254 பாட்டில் விற்பனைக்கு விடுவிக்கப்பட்டது.
உற்பத்தி: ம.செ., 15.02.2025
தர மேற்பார்வை: வ.சு., 15.02.2025