இரண்டாவது கோடு தெரிந்த பிறகு
சுங்கை சிப்புட், ஆறாம் படிவ மாணவர்களுக்கான சனிக்கிழமை நிகழ்தகவு வகுப்பு

படவில்லை 1: கேள்வி

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அக்கா, மருத்துவ முகாமில் எலிக்காய்ச்சலுக்கான விரைவுச் சோதனை செய்துகொள்கிறார். காய்ச்சலும் இல்லை, உடம்பு வலியும் இல்லை. எல்லாரும் வரிசையில் நின்றார்கள், அவரும் நின்றார். விரலில் குத்தி எடுத்த இரத்தத்தைப் பட்டையில் விட்டார்கள். சற்று நேரத்தில் இரண்டாவது கோடு மங்கலாக எழுந்தது. அவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

போன வாரம் இதைக் கேட்டபோது பாதிப் பேர் 90 விழுக்காடு என்றீர்கள். அந்த 90 வேறொரு கேள்விக்கான விடை. நோய் உள்ளவரைப் பட்டை கண்டுபிடிக்கும் வாய்ப்பு அது. நமக்கு வேண்டியது, பட்டை காட்டியவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு. நோய் இருப்பதை D என்றும் கோடு வருவதை + என்றும் குறிப்போம். நிபந்தனை இடம் மாறினால் எண்ணும் மாறிவிடும்:

`P(+|D)` வேறு, `P(D|+)` வேறு.

படவில்லை 2: ஆட்களை எண்ணுங்கள்

கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. முகாமுக்கு 2000 பேர் வருகிறார்கள். நூற்றுக்கு ஒருவருக்கு நோய். நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பட்டை பிடிக்கும். நோய் இல்லாத 100 பேரில் 5 பேருக்கும் தவறாகக் கோடு காட்டும். பழைய தொற்றின் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தங்கியிருந்தாலும் இப்படி நேரலாம்.

நோயாளிகள் 20 பேர். கோடு வருவது 18 பேருக்கு.
நோயில்லாதவர்கள் 1980 பேர். கோடு வருவது 99 பேருக்கு.

ஆக, பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கலங்கி நிற்பவர்கள் 117 பேர். அவர்களில் உண்மையான நோயாளிகள் 18 பேர்தான். 18/117, ஏறத்தாழ 15 விழுக்காடு. சோதனைக்கு முன் அக்காவின் வாய்ப்பு 1 விழுக்காடு. இப்போது 15. பதினைந்து மடங்கு கூடியிருக்கிறது, ஆகவே அலட்சியம் கூடாது. ஆனாலும் நோய் இல்லாதிருக்கவே வாய்ப்பு அதிகம்.

சோதனை மோசம் என்று இதைப் படிக்காதீர்கள். நோயில்லாதவர்களின் கூட்டம் அவ்வளவு பெரிது. அதில் 5 விழுக்காடு தவறினாலே 20 நோயாளிகளைப்போல் ஐந்து மடங்கு ஆள் சேர்ந்துவிடுகிறது.

படவில்லை 3: சூத்திரம்

```
P(D|+) = P(+|D)·P(D) / [P(+|D)·P(D) + P(+|D')·P(D')]
       = (0.90×0.01) / (0.90×0.01 + 0.05×0.99)
       = 0.009 / 0.0585 ≈ 0.154
```

இது பேய்ஸ் தேற்றம். தாமஸ் பேய்ஸ் 1761இல் இறந்தார். அவருடைய கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763இல் வெளியிட்டார். தேர்வில் சூத்திரத்தை எழுதுங்கள். ஆனால் தலைகளை எண்ணிப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

படவில்லை 4: அதே பட்டை, வேறு ஆள்

இப்போது இன்னொருவர் வருகிறார். மழைக்குப் பின் வெறுங்காலோடு கால்வாய் தூர்வாரியவர். எலித் தொல்லைக்காகவே ஆந்தைக் கூண்டு வைத்திருக்கும் பகுதி அது. நான்கு நாளாகக் கடுங்காய்ச்சல், கெண்டைக்காலில் வலி, கண் சிவந்திருக்கிறது. அவரைப் பார்த்ததுமே மருத்துவர் 50 விழுக்காடு என மதிப்பிடுகிறார் என்று கொள்வோம்.

இப்படிப்பட்ட 2000 பேரில் 1000 பேருக்கு நோய். கோடு 900 பேருக்கு. மீதி 1000 பேரில் தவறான கோடு 50 பேருக்கு. 900/950, அதாவது 95 விழுக்காடு. பட்டையும் அதேதான், கோடும் அதேதான். அக்காவுக்கு 15, இவருக்கு 95. “சோதனைக்கு முன் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது?” என்ற கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

இவருக்குக் கோடு வராவிட்டால்? நோய் இருந்தும் தப்பியவர்கள் 100, உண்மையில் நோயில்லாதவர்கள் 950. 100/1050, ஏறத்தாழ 9.5 விழுக்காடு. பூஜ்யம் அல்ல! இந்தப் படவில்லையில் எனக்கு மிகவும் முக்கியமானது இதுதான். எதிர்ப்பொருள் உருவாகச் சில நாள் ஆகும். தொடக்கத்திலேயே எடுத்த சோதனை நோயைத் தவறவிடலாம். காய்ச்சலோடு இருப்பவர் “கோடு வரவில்லை” என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் மருத்துவரிடம் திரும்ப அழைத்துச் செல்லுங்கள்.

படவில்லை 5: விகிதமாகப் பெருக்குதல்

சோதனைக்கு முன் அக்காவுக்கு நோய் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள விகிதம் 1:99. கோடு வந்தால் 0.90/0.05 = 18ஆல் பெருக்குங்கள். 18:99, சுருக்கினால் 2:11. நிகழ்தகவு 2/13, அதே 15 விழுக்காடு.

வேறு முறையில் இயங்கும், இதே திறனுள்ள இரண்டாவது சோதனையும் நோய் என்று சொன்னால் மறுபடி 18ஆல் பெருக்கலாம்: 36:11, ஏறத்தாழ 77 விழுக்காடு. அதே பட்டையை அதே இரத்தத்தில் மீண்டும் வைத்துவிட்டு 18ஆல் பெருக்கக் கூடாது. முதல் தடவை ஏமாற்றிய பழைய எதிர்ப்பொருள் இரண்டாம் தடவையும் ஏமாற்றும்.

படவில்லை 6: பயிற்சி

அக்காவின் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியாகிவிட்டது. ஆகவே அக்காவின் முந்தைய வாய்ப்பை 10 விழுக்காடாக எடுத்துக்கொள்ளுங்கள். கோடு வந்தால் எவ்வளவு, வராவிட்டால் எவ்வளவு? ஒரு முறை தலைகளை எண்ணியும், ஒரு முறை விகிதத்தாலும் செய்து அடுத்த சனிக்கிழமை கொண்டுவாருங்கள்.