சுழியம் போட்ட கேள்விகள்

அன்புள்ள நித்யா,

ஞாயிற்றுக்கிழமை யூபிஎஸ்சி முதல்நிலை மாதிரித் தேர்வில் நீ வாங்கிய 74.67ஐப் பார்த்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் யாரிடமும் பேசாமல் அண்ணா நகரில் பஸ் ஏறிப் போய்விட்டாய். இரவு தொலைபேசியில், "இனிமேல் உறுதியாகத் தெரிந்ததை மட்டும்தான் எழுதப் போகிறேன், மிஸ்" என்றாய். அப்போது நான் பதில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. உன் கேள்வித்தாள் என்னிடம் இருந்தது. அதை முழுதாகப் பார்க்காமல் பேசக் கூடாது என்று நினைத்தேன். இரண்டு இரவுகள் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

100 கேள்விகளில் 92க்கு விடை குறித்திருக்கிறாய். 51 சரி, 41 தவறு. சரியானவற்றுக்கு 102 மதிப்பெண் வந்தது, தவறானவை அதில் 27.33ஐத் தின்றுவிட்டன. இதுவரை உனக்கே தெரியும். கேள்விகளின் ஓரத்தில் நீ பென்சிலால் போட்டிருந்த குறிகளை வைத்து நான் அந்த 92ஐயும் மூன்றாகப் பிரித்தேன்.

உறுதியாகத் தெரிந்து எழுதியவை 44. அவற்றில் 38 சரி, 6 தவறு. வரவு 72. இரண்டு விடைகளை அடித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவை 20. அவற்றில் 9 சரி, 11 தவறு. வரவு 10.67. எதையும் அடிக்க முடியாமல், ஏதோ ஒன்றைக் கறுப்பாக்கியவை 28. அவற்றில் 4 சரி, 24 தவறு. செலவு 8. அந்த 28ஐயும் தொடாமல் விட்டிருந்தால் நீ 82.67இல் இருந்திருப்பாய்.

நீ சொன்னபடி உறுதியானதை மட்டும் எழுதியிருந்தாலோ, 72இல் நின்றிருப்பாய். 2023 முதல்நிலைத் தேர்வில் பொதுப் பிரிவின் கட்-ஆஃப் 75.41. சமீப ஆண்டுகளில் அவ்வளவு இறங்கியது அந்த ஒரு முறைதான். 2022இல் 88.22, 2024இல் 87.98. ஆக, நீ எடுத்த முடிவு உன்னை மிகவும் இறங்கிய ஆண்டிலும் வெளியே நிறுத்திவிடும். அதைச் செய்யாதே. பாதிக்கும் குறைவாகவே சரியான அந்த 20 கேள்விகள்கூட உனக்குப் பத்து மதிப்பெண்ணுக்கு மேல் கொடுத்திருக்கின்றன. ஒரு சரியான விடை மூன்று தவறுகளைச் சுமக்கும் தேர்வு இது. இரண்டில் ஒன்றைத் துணிந்து குறிப்பது உனக்கு லாபம், அந்தத் துணிச்சலை விடாதே.

என்னை உறுத்தியது அந்த 28தான். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் நான்கில் ஒன்று சரியாக வர வேண்டும். 28க்கு 7 சரியானால் வரவும் செலவும் சமம். உனக்கு வந்தது 4. ஒரு தேர்வில் அப்படி நடக்கலாம் என்று முந்தைய இரண்டு தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றையும் சேர்த்தால் இப்படிக் குறித்தவை 75, சரியானவை 11. சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால்கூடப் பதினெட்டோ பத்தொன்பதோ வந்திருக்கும்! துரதிர்ஷ்டம் என்று இதைச் சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உன் கையை ஏதோ இழுக்கிறது.

எது இழுக்கிறது என்பதற்கு உன் தாளிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. தேர்தல் ஆணையம், நிதி ஆணையம், தேசிய மனித உரிமை ஆணையம், இவற்றில் எத்தனை அரசமைப்புச் சட்ட அமைப்புகள் என்று கேட்டிருந்தோம். 'மூன்றும்' என்று குறித்திருக்கிறாய். முதல் இரண்டும் அரசமைப்பின் 324, 280ஆம் பிரிவுகளில் வருகின்றன. மூன்றாவது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. விடை 'இரண்டு மட்டும்'. மூன்று பெயரிலும் 'ஆணையம்' என்று இருந்தது, மூன்றையும் செய்தித்தாளில் படித்திருக்கிறாய், அதனால் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத் தெரிந்துவிட்டன. தெரியாத இடத்தில் மனம் பழகிய பெயரின் பக்கம் சாய்கிறது. கேள்வி எழுதுகிறவருக்கும் அது தெரியும். தவறான விடையை அவர் வைப்பதே அந்தச் சாய்வான இடத்தில்தான். நானும் கேள்வி எழுதுகிறவள் என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்று. 2023 முதல் நிறையக் கேள்விகள் 'ஒன்று மட்டும், இரண்டு மட்டும், மூன்றும், எதுவும் இல்லை' என்ற வடிவில் வருகின்றன. '1, 2 மட்டும்' என்ற பழைய வடிவில் ஒரு கூற்று தவறு என்று தெரிந்தாலே இரண்டு மூன்று விடைகள் விழுந்துவிடும். புதிய வடிவில் 'மூன்றும்' மட்டுமே விழும், மீதி மூன்றும் அப்படியே நிற்கும். பழைய வேகத்தில் நீ இவற்றை அடித்துக்கொண்டே போயிருக்கிறாய். இந்த வடிவில் இரண்டு கூற்றுகளாவது உறுதியாகத் தெரியாவிட்டால் கை வைக்காதே.

உன் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். மூன்று ஆண்டுகள் குரூப் 2க்குப் படித்தவள் நீ. டிஎன்பிஎஸ்சியில் தவறான விடைக்குக் கழிவு இல்லை. எதையும் குறிக்காமல் விட்டால்தான் ஆபத்து, 'விடை தெரியவில்லை' என்பதற்குக்கூட ஒரு வட்டம் உண்டு. காலியான வட்டத்தைக் கண்டால் உன் மனம் பதறுவது அங்கே கற்றதுதான். அங்கே அது சரி. யூபிஎஸ்சியில் காலியான வட்டத்துக்கு ஒரு தண்டனையும் இல்லை. இதைக் கை பழக வேண்டும், அதற்குச் சில வாரங்கள் ஆகும். 28இல் 19 கேள்விகள் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் குறித்தவை என்று நீயே சொன்னாய். பக்கத்தில் இருப்பவர்கள் மளமளவென்று வட்டம் நிரப்பும்போது சும்மா உட்கார்ந்திருப்பது கஷ்டம். எனக்குப் புரிகிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய். முதல் சுற்றில் உறுதியானதற்கு டிக் போட்டு அப்போதே வட்டத்தை நிரப்பு. மற்ற கேள்விகளின் ஓரத்தில், அடித்தபின் எத்தனை விடைகள் மிஞ்சுகின்றன என்று 2 அல்லது 3 என எழுது. எதையும் அடிக்க முடியாவிட்டால் சுழியம் போடு. ஒரு விடையை அடிக்கும்போது ஏன் என்று அதன் பக்கத்தில் இரண்டு சொல்லாவது எழுத வேண்டும். '1993 சட்டம்' என்பது காரணம். 'கேள்விப்பட்டதே இல்லை' என்பது காரணம் ஆகாது. இரண்டாம் சுற்றில் 2 போட்டவை எல்லாவற்றையும் துணிந்து குறி. 3 போட்டவற்றில், அடித்த காரணம் உனக்கே உறுதியாகப் பட்டால் மட்டும் குறி. சுழியத்துக்குத் திரும்பவே போகாதே. கறுப்புப் பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது என்பதால், கடைசி ஐந்து நிமிடம் பேனாவை மூடி வைத்துவிடு.

உறுதி என்று நினைத்து தவறிய ஆறு கேள்விகளைத் தனியாக ஒரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நான்கு பொருளாதாரம். கோட்டூர்புரம் நூலகத்துக்கு நீ போகும் நாட்களில் ஒரு காலையை அதற்கு ஒதுக்கு. அவை வாசித்தால் சரியாகும் தவறுகள், அவற்றுக்காக நீ வருத்தப்படவே வேண்டாம்.

ஞாயிறு காலை தேர்வு ஒன்பதரைக்கு. எட்டே முக்காலுக்கு வந்துவிடு, அந்த ஆறையும் சேர்ந்து பார்ப்போம். தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணைக் கூட்டாமல் கேள்வித்தாளை அப்படியே என்னிடம் கொடு. எத்தனை சுழியங்கள் காலியாக நின்றன என்பதைத்தான் நான் முதலில் எண்ணப் போகிறேன்.

அன்புடன்,
மாலதி மிஸ்