ஒரு படம், பதினான்கு கேள்விகள்: கோள்கள், பருவங்கள், கிரகணங்கள்

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு – மாலைப் படிப்பு வட்டம், கும்பகோணம் வட்டாரம்
நேரம்: ஒன்றரை மணி. அடிக்கோல், பென்சில் போதும். கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் படத்தை நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்

பூமியின் வட துருவத்துக்கு மேலே வெகு உயரத்தில் இருந்து கீழே பார்ப்பதுபோல் வரைகிறோம். நடுவில் சூரியன். சுற்றிலும் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன் என்று ஐந்து வட்டங்கள். சனியை வரையத் தாளில் இடமில்லை. எல்லாக் கோள்களும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகின்றன. வட்டத்தின் மேல் அம்புக்குறி போடுங்கள்.

பூமியை நான்கு இடங்களில் வரையுங்கள்: இடப்பக்கம் அ, கீழே ஆ, வலப்பக்கம் இ, மேலே ஈ. நான்கிலும் பூமியின் அச்சைக் காட்டச் சின்னக் கோடு. அதன் வட முனை நான்கு இடத்திலும் வலப்பக்கமே சாய்ந்திருக்க வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள், பூமி நகர நகர அச்சையும் சூரியனை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். அச்சு திரும்பாது.

ஆ-வைச் சுற்றி நிலாவின் பாதை. அந்தச் சின்ன வட்டத்தின் வலப்பாதி முழுக்கோடு (தாளுக்கு மேலே), இடப்பாதி புள்ளிக்கோடு (தாளுக்குக் கீழே). சூரியனுக்கு நேரே உள்ள இடம் 1. அங்கிருந்து அம்புத்திசையில் 2, 3, 4. முழுக்கோடும் புள்ளிக்கோடும் சேரும் இரண்டு இடங்கள் 1, 3. அவற்றை இணைத்து ஒரு கோடு போடுங்கள். அதை 'வெட்டுக்கோடு' என்று அழைப்போம்.

பகுதி 1: கோள்கள்

1. வெள்ளியின் வட்டம் பூமியின் வட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. "நேற்று நடுநிசியில் வெள்ளி உச்சியில் மின்னியது" என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா? படத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

2. செவ்வாய் நடுநிசியில் உச்சிக்கு வருமா? ஒரு வரி போதும்.

3. சூரியனின் விட்டம் ஏறக்குறைய 14 லட்சம் கி.மீ. பூமி இருக்கும் தூரம் 15 கோடி கி.மீ. சூரியனை 1 செ.மீ. வட்டமாக வரைந்தால் பூமியை எவ்வளவு தள்ளி வரைய வேண்டும்? வியாழன் அதைப்போல 5.2 மடங்கு தூரம். நம் வகுப்பறைக் கரும்பலகை போதுமா?

4. வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு, சனிக்கு 29.5 ஆண்டு. பாதையை 12 ராசிகளாகப் பிரித்தால் ஒரு ராசியைக் கடக்க ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காலம்? ஆலங்குடியில் குருப்பெயர்ச்சிக் கூட்டமும் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சிக் கூட்டமும் எத்தனை காலத்துக்கு ஒருமுறை கூடுகின்றன என்று வீட்டில் கேட்டு, உங்கள் விடையோடு ஒப்பிடுங்கள். (பலன் சரியா என்பது இந்தத் தாளின் கேள்வி அல்ல. கணக்கு சரியா என்பது மட்டுமே.)

5. மகாமகம் கடைசியாக 2016 பிப்ரவரி 22-ல் நடந்தது. அன்று மாசிப் பௌர்ணமி. சூரியன் கும்பத்தில், வியாழன் சிம்மத்தில். இரண்டும் எதிரெதிர் ராசிகள். பூமி இ-க்கும் ஈ-க்கும் நடுவே எங்கே இருந்திருக்கும்? அங்கே பூமியை வைத்து, வியாழனையும் நிலாவையும் வரையுங்கள். அன்று மகாமகக் குளக்கரையில் நின்றவர்களுக்கு வியாழன் எந்நேரத்தில், எந்தத் திசையில் உதித்திருக்கும்?

பகுதி 2: பருவங்கள்

6. அ, ஆ, இ, ஈ எந்தெந்த மாதங்கள்? அச்சின் சாய்வை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். மனப்பாடம் வேண்டாம்.

7. பூமி சூரியனுக்கு மிக அருகில் (14.7 கோடி கி.மீ.) வருவது ஜனவரி முதல் வாரம். மிகத் தொலைவில் (15.2 கோடி) போவது ஜூலை முதல் வாரம். நமக்கோ ஜனவரி முதல் வாரம் மார்கழி. சம்பா வயலில் காலைப் பனி இறங்கும் நேரம். "தூரம்தான் வெயிலுக்குக் காரணம்" என்பவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? உங்கள் பதிலில் ஆஸ்திரேலியா ஒருமுறையாவது வர வேண்டும்.

8. தஞ்சாவூர் வட அகலாங்கு 10.8°. பூமியின் அச்சுச் சாய்வு 23.5°. முற்றத்தில் 1 மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டால், ஜூன் 21, டிசம்பர் 22 ஆகிய நாட்களில் உச்சிவேளை நிழல் எந்தப் பக்கம் விழும், எவ்வளவு நீளம்?

9. ஆண்டில் இரண்டு நாள் அந்தக் குச்சிக்கு உச்சிவேளையில் நிழலே இருக்காது. ஒன்று சித்திரை முதல் வாரம். மற்றது ஏறக்குறைய எப்போது? படத்தில் இரண்டு இடங்களையும் குறியுங்கள். (பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது என்று சொல்பவர்களைக் காலை எட்டு மணிக்குக் கோயிலுக்கு அழைத்துப் போங்கள்.)

10. சூரியன் சித்திரைத் தொடக்கத்திலேயே நம் உச்சிக்கு வந்துவிடுகிறது. அக்கினி நட்சத்திரமோ மே தொடக்கத்தில்தான். ஏன் இந்தத் தாமதம்?

பகுதி 3: கிரகணங்கள்

11. நிலா 1, 2, 3, 4-ல் இருக்கும்போது நமக்கு எப்படித் தெரியும்? எந்த எண்ணில் சூரிய கிரகணம், எதில் சந்திர கிரகணம்?

12. படம் 2025 செப்டம்பர் நிலைமையைக் காட்டுகிறது. 7-ம் தேதி இரவு 11 மணி முதல் 12.22 வரை நிலா முழுக்கச் சிவந்து இருந்தது. 21-ம் தேதி அமாவாசையில் பகுதி சூரிய கிரகணம். அது நியூசிலாந்து பக்கம் தெரிந்தது, நமக்குத் தெரியவில்லை. வெட்டுக்கோட்டைத் திருப்பாமல் பூமியை இ-க்கு நகர்த்துங்கள். அங்கே பௌர்ணமியன்று கிரகணம் வருமா? ஈ-யில்?

13. நிலாப் பாதையின் சாய்வு 5°தான், சின்னதுதானே என்று தோன்றும். நிலாவின் தூரம் 3,84,000 கி.மீ. அந்தச் சாய்வில் நிலா அதிகபட்சம் எத்தனை கி.மீ. மேலே போகும்? அங்கே பூமியின் கருநிழலின் அகலம் ஏறக்குறைய 9,000 கி.மீ. இப்போது சொல்லுங்கள், 5° சின்னதா?

14. படத்தின் 3-ல் நிலா தாளுக்குக் கீழிருந்து மேலே வருகிறது, 1-ல் மேலிருந்து கீழே போகிறது. பஞ்சாங்கத்தில் இவற்றுக்கு என்ன பெயர்? (குறிப்பு: ஒன்றுக்குத் திருநாகேஸ்வரத்திலும் மற்றதற்குக் கீழப்பெரும்பள்ளத்திலும் கோயில் உண்டு.) வெட்டுக்கோடு கடிகார முள் திசையில் மெல்லத் திரும்பி, முழுச் சுற்றுக்கு 18.6 ஆண்டு எடுக்கிறது. ஒரு ராசிக்கு எவ்வளவு காலம்? 2019 டிசம்பர் 26-ல் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் வளையச் சூரிய கிரகணம் தெரிந்ததே, அப்போது இந்தக் கோடு எந்தத் திசையில் இருந்திருக்க வேண்டும்?

விடைக்குறிப்பு (தடுமாறுகிற கேள்விகளுக்கு மட்டும்)

3: பூமி 1 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், வியாழன் ஐந்தரை மீட்டருக்கு மேல். பலகை போதாது. அதனால்தான் பாடப்புத்தகப் படம் எதுவும் அளவுக்கு இருப்பதில்லை.

5: ஈ-க்குச் சற்று முன். சூரியனிலிருந்து பூமி வழியாகக் கோட்டை நீட்டினால் நிலாவும் வியாழனும் ஏறக்குறைய அதே பக்கம். சூரியன் மேற்கே மறையும் வேளையை ஒட்டி வியாழன் கிழக்கே உதித்திருக்கும்.

8: ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே 12.7° சாய்ந்திருக்கும், நிழல் தெற்கே, சுமார் 22 செ.மீ. டிசம்பரில் தெற்கே 34.3° சாய்வு, நிழல் வடக்கே, சுமார் 68 செ.மீ. tan போட வராதவர்கள் பாகைமானியால் வரைந்து அளக்கலாம், முழு மதிப்பெண் உண்டு.

9: ஆகஸ்ட் கடைசி வாரத்தை ஒட்டி, ஆவணியில். அ-வுக்கு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே தொலைவில் இரண்டு புள்ளிகளும் விழ வேண்டும்; விழாவிட்டால் 6-ம் விடையைத் திரும்பப் பாருங்கள்.

12: இ-யில் வராது; பௌர்ணமி நிலா தாளுக்கு மேலே, நிழலைத் தொடாமல் போய்விடும். ஈ-யில் கோடு மறுபடி சூரியனைப் பார்க்கிறது. 2026 மார்ச் 3 முழுச் சந்திர கிரகணம் அப்படி வருவதே. ஆனால் நம் பக்கம் நிலா உதிக்கும்போது முழு மறைப்பு முடிந்து, விலகும் கட்டம் மட்டும் மிஞ்சும்.

14: 3 ராகு, 1 கேது, ராசிக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. 2019 டிசம்பரில் பூமி இ-யில், சூரியன் அதற்கு இடப்பக்கம். ஆகவே கோடு இடவலமாகக் கிடந்திருக்க வேண்டும்.