கழிவு நீக்கம்: சிறுநீர் உருவாகும் முறை – திருத்தி எழுதிய கார்னெல் குறிப்பு

பாடம்: பதினோராம் வகுப்பு, உயிர்-விலங்கியல்
எழுதிய நேரம்: அரையாண்டுத் தேர்வு வாரம், உயிரியல் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு
மூலம்: ரஃப் நோட்டின் மூன்று பக்கங்களும், வேதியியல் வினாத்தாளின் பின்புறத்தில் கிறுக்கிய ஒரு படமும். அவற்றில் இருந்த இரண்டு தவறுகள் கீழே அந்தந்த இடத்திலேயே திருத்தப்பட்டுள்ளன.

| வினா / குறிச்சொல் | குறிப்பு |
|---|---|
| நெஃப்ரான்: எண்ணிக்கை, இருப்பிடம் | ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. கிளாமருலஸும் பௌமானின் கிண்ணமும் சுருள் நுண்குழல்களும் புறணியில் அமைய, ஹென்லே வளைவு மெடுல்லாவுக்குள் இறங்குகிறது. |
| நிகர வடிகட்டும் அழுத்தம் 10 மி.மீ. பாதரசம் என்பது எப்படி வருகிறது? | உட்செல் நுண்தமனியை விட வெளிச்செல் நுண்தமனி குறுகலாக இருப்பதால், கிளாமருலஸுக்குள் இரத்த அழுத்தம் 55 மி.மீ. பாதரசம் என்ற உயர்ந்த அளவில் நிற்கிறது. இதை எதிர்ப்பவை இரண்டு: பிளாஸ்மா புரதங்களால் உண்டாகும் ஊடுபரவல் அழுத்தம் 30, கிண்ணத்தில் ஏற்கெனவே உள்ள திரவத்தின் அழுத்தம் 15. ஆகவே 55 − (30 + 15) = 10. ரஃப் நோட்டில் 15-ஐக் கூட்டிவிட்டதால் 40 என்று விடை வந்திருந்தது. கிண்ணத்துத் திரவம் வடிகட்டலைத் தடுக்கிறதே தவிர உதவுவதில்லை என்பதை நினைவில் வைத்தால் இந்தக் குறியீடு மாறாது. |
| வடிதிரவத்தில் எது இருக்காது? | இரத்த அணுக்களும் பெரிய புரத மூலக்கூறுகளும் வடிகட்டியைத் தாண்டுவதில்லை. நீர், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், உப்புகள், யூரியா ஆகியவை தாண்டுகின்றன. |
| 180 லிட்டர் எங்கே போகிறது? | நிமிடத்திற்கு 125 மி.லி. வடிகட்டப்படுகிறது; ஒரு நாளைக்கு 125 × 1440 = 1,80,000 மி.லி., அதாவது 180 லிட்டர். வெளியேறும் சிறுநீரோ சுமார் 1.5 லிட்டர் மட்டுமே. எஞ்சியது முழுவதும் மீள உறிஞ்சப்படுகிறது. அதில் பெரும்பங்கு அண்மைச் சுருள் நுண்குழலில் நடக்கிறது. குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் இயல்பான நிலையில் இங்கேயே ஏறக்குறைய முழுமையாக இரத்தத்திற்குத் திரும்பிவிடுகின்றன. |
| ஹென்லே வளைவு: எந்தத் தூம்பில் நீர், எந்தத் தூம்பில் உப்பு? (ஐந்து மதிப்பெண் வினாவாக வர வாய்ப்பு அதிகம்) | கீழிறங்கு தூம்பு நீரை வெளியே விடும், உப்பை ஏறத்தாழ விடாது. மேலேறு தூம்பு நீரை விடாது, சோடியத்தையும் குளோரைடையும் வெளியேற்றும். வினாத்தாளின் பின்புறப் படத்தில் இவ்விரண்டு அம்புகளும் இடம் மாறியிருந்தன. மேலேறு தூம்பிலிருந்து வெளியேறும் உப்பு மெடுல்லாவின் திசுத் திரவத்தை அடர்வாக்குவதால், புறணிக்கு அருகில் லிட்டருக்கு 300 மில்லிஆஸ்மோலாக உள்ள அடர்த்தி, மெடுல்லாவின் ஆழத்தில் 1200 வரை உயர்கிறது. அந்த அடர்வே அருகிலுள்ள கீழிறங்கு தூம்பிலிருந்து நீரை இழுக்கிறது. இரு தூம்புகளிலும் திரவம் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் இதற்கு எதிரோட்டப் பெருக்கம் என்று பெயர். |
| ஏ.டி.எச். அதிகமானால் சிறுநீர் கூடுமா, குறையுமா? | குறையும். உடலில் நீர் குறையும்போது ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து, பிட்யூட்டரியின் பின்கதுப்பின் வழியே இந்த ஹார்மோனை வெளிவிடச் செய்கிறது. அது சேகரிப்பு நாளத்தின் சுவரில் நீர் புகும் வழிகளை அதிகரிப்பதால், அடர்வான மெடுல்லாவை நோக்கி நீர் வெளியேறி இரத்தத்தில் சேர்கிறது. மேலே சொன்ன 1200 என்ற அடர்வு இல்லையென்றால் இந்த ஹார்மோன் சுரந்தும் பயனில்லை. ஆகவே இவ்விரு வினாக்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். |
| ரெனின் – ஆஞ்சியோடென்சின் – ஆல்டோஸ்டீரோன் | இரத்த அழுத்தம் குறைந்தால் ரெனின் சுரக்கும். அதன் வழியே உருவாகும் ஆஞ்சியோடென்சின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, அட்ரீனல் புறணியைத் தூண்டும். ஆல்டோஸ்டீரோன் சோடியத்தையும், அதனுடன் நீரையும் மீட்கும். |

சுருக்கம்

கிளாமருலஸில் 10 மி.மீ. பாதரசம் என்ற சிறிய நிகர அழுத்தத்தால் நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டப்பட்டு, அதில் பெரும்பகுதி அண்மைச் சுருள் நுண்குழலில் மீட்கப்படுகிறது. ஹென்லே வளைவு மெடுல்லாவை அடர்வாக்கி வைக்கிறது. அந்த அடர்வைப் பயன்படுத்திச் சேகரிப்பு நாளத்திலிருந்து எவ்வளவு நீரை மீட்பது என்பதை ஏ.டி.எச். முடிவு செய்ய, சோடியத்தின் மீட்பை ஆல்டோஸ்டீரோன் கூட்டுகிறது.